திரும்பிப் போகும் பெட்டிக்குக் கூலி யாருடையது?

திருச்சியின் பெரிய கடைவீதியில் ஒரு குக்கர் வாங்கி, ஸ்ரீரங்கத்து வீட்டில் பெட்டியைப் பிரித்தால் அளவு மாறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, சத்திரத்தில் இறங்கி நடந்தால் கடை வந்துவிடும். கடைக்காரர் பில்லைப் பார்ப்பார், பெட்டியைத் திறந்து பார்ப்பார், சரியானதை எடுத்துக் கொடுப்பார். நமக்குப் போனது பஸ் கட்டணமும் அரை நாளும். அதை யாரும் கடைக்காரரிடம் கேட்பதில்லை, அவரும் தருவதில்லை. கடையும் வாங்குபவரும் ஒரே ஊரில் இருந்த காலத்தில் இது ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை.

அதே குக்கரை இணையத்தில் வாங்கும்போது கடை சூரத்திலோ தில்லியின் ஓரத்திலோ இருக்கிறது. தவறான பொருள் வந்தால் அது ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் திரும்பிப் போக வேண்டும். பெரிய தளங்களில் பெரும்பாலும் ஒருவர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அதற்கு ரிவர்ஸ் பிக்கப் என்று பெயர், அங்கே சிக்கல் இல்லை. சொந்த இணையக் கடை வைத்திருப்பவர்கள், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியே விற்பவர்கள், பிக்கப் வசதி எட்டாத பின்கோடுகள், பிக்கப்புக்கு ஒத்துவராத கனமான பொருள்கள் ஆகியவற்றில்தான் விற்பனையாளர் அந்த வரியைச் சொல்கிறார்: “நீங்களே கூரியரில் அனுப்பிவிடுங்கள், வந்து சேர்ந்ததும் பணத்தைத் தருகிறோம்.” பொருளின் விலை திரும்பி வருகிறது. கூரியருக்குக் கொடுத்தது வருவதில்லை. தவறு விற்றவருடையதாக இருக்கும்போது அந்தத் தொகை யாருடைய பொறுப்பு என்பதற்கு இந்தியச் சட்டத்தில் விடை இருக்கிறதா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. விடை இருக்கிறது என்பது என் முடிவு. ஆனால் அது ஒரே இடத்தில் எழுதி வைக்கப்படவில்லை, மூன்று சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

முதலில் தொகையைப் பார்த்துவிடலாம். சின்னத் தொகைதானே என்று பலரும் விட்டுவிடுவது அதை எண்ணிப் பார்க்காததால்தான்.

அடையவளஞ்சான் வீதியில் இருக்கும் ஒரு குடும்பத்தைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் ஸ்டீல் குக்கருக்கு 2,340 ரூபாய், டெலிவரிக்கு 60 ரூபாய், மொத்தம் 2,400 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். வந்தது 3 லிட்டர் குக்கர். பெட்டியோடு எடை 2.3 கிலோ. கூரியர் கடையில் தராசில் வைத்துப் பார்த்தவர், அடுத்து டேப் எடுத்துப் பெட்டியை அளக்கிறார்: நீளம் 36 சென்டிமீட்டர், அகலம் 26, உயரம் 25. மூன்றையும் பெருக்கினால் 23,400. அதை 5,000 ஆல் வகுத்தால் 4.68. கூரியர் தொழிலில் வால்யூமெட்ரிக் வெயிட் என்று சொல்வது இதைத்தான். வண்டியில் பெட்டி அடைக்கும் இடத்தை எடையாக மாற்றுகிற கணக்கு அது. வகுக்கும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறும், 5,000 என்பது பரவலாக இருப்பது. உண்மை எடை, இந்தக் கணக்கு எடை இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். 4.68 என்பது 5 கிலோவாக ஏற்றப்படுகிறது. கிலோவுக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 400 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72 ரூபாய், கிழிந்த அட்டையைச் சரிசெய்து பபிள் ராப் சுற்ற 40 ரூபாய். ஆக 512 ரூபாய்.

கட்டிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இது. விற்பனையாளர் பொருள் விலையான 2,340 ரூபாயை மட்டும் திருப்பினால் குடும்பத்துக்கு நட்டம் 572 ரூபாய், ஏனென்றால் முதலில் கட்டிய 60 ரூபாய் டெலிவரிக் கட்டணமும் போய்விடுகிறது. “கூரியருக்கு 100 ரூபாய் வரை தருவோம்” என்று உச்சவரம்பு வைத்தால் நட்டம் 472 ரூபாய். குக்கரில் ஒரு கஞ்சிகூட வைக்கவில்லை. காற்று நிறைந்த பெட்டிக்குக் கூலி எப்படி ஏறுகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். துணிமணிக்கு இந்தத் தொல்லை குறைவு. பாத்திரம், விளக்கு, பொம்மை, மின்விசிறி போன்றவற்றில்தான் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைக் கடிக்கிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். இணைய வணிகத்துக்கென்றே இருப்பது 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை இவை. இவற்றின் 6ஆம் விதி தளங்களில் விற்பவர்களுக்கானது. பொருள் பழுதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் சொன்ன தன்மையோ ஒப்புக்கொண்ட தன்மையோ இல்லாமல் போனால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது, பெற்ற பணத்தைத் திருப்பித் தரவும் மறுக்கக் கூடாது என்று அது தெளிவாகவே சொல்கிறது. சொந்தக் கையிருப்பை நேரடியாக விற்கும் இணையக் கடைகளுக்கு 7ஆம் விதி இதே கடமைகளை வைக்கிறது.

திருப்பி அனுப்பும் செலவு பற்றி இந்த விதிகள் என்ன சொல்கின்றன? அதைப் பற்றிய தகவலை வாங்குபவருக்குத் தெளிவாக, எளிதில் கண்ணில் படும்படி தர வேண்டும் என்கின்றன. அவ்வளவுதான். யார் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. நம் சிக்கலின் வேர் இந்த இடத்தில் இருக்கிறது. விதியை எழுதியவர்களுக்கு அந்தச் செலவு ஒன்று இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது, அதைப் பெயர் சொல்லி எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் மனம் மாறித் திருப்புபவரையும், தவறான பொருள் வந்ததால் திருப்புபவரையும் அந்த வரி பிரித்துப் பார்க்கவில்லை. இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டுதான் விற்பனையாளர்கள் “ரிட்டர்ன் ஷிப்பிங் வாடிக்கையாளருடையது என்று எங்கள் விதிமுறையில் போட்டிருக்கிறோமே” என்கிறார்கள். போட்டிருப்பது தகவல் தரும் கடமையை நிறைவேற்றும். அதனாலேயே தவறின் செலவு வாங்கியவர் தலையில் விழுந்துவிடாது.

மனம் மாறுவதை இங்கேயே ஒதுக்கிவிடுகிறேன். நிறம் பிடிக்கவில்லை, அளவு போதவில்லை என்று திருப்புவதற்கு இந்தியாவில் சட்டம் தரும் உரிமை எதுவும் இல்லை. தளம் தன் விருப்பப்படி தரும் சலுகை அது. அங்கே கூரியர் கட்டணத்தை வாங்கியவர் ஏற்பதில் தவறும் இல்லை. அதனால் விற்பனையாளருக்கு எழுதும் முதல் கடிதத்திலேயே “பொருள் வேண்டாம்” என்று எழுதாமல், “நான் கேட்ட பொருள் வரவில்லை” என்றோ “வந்தது பழுது” என்றோ எழுத வேண்டும். தளத்தின் திரையில் காரணம் கேட்கும்போது அவசரத்தில் தவறான காரணத்தைத் தொட்டுவிடுபவர்கள் பலர். பின்னால் தகராறு வந்தால் அந்த ஒரு தொடுகை எதிராளிக்குச் சான்றாகிவிடும்.

2020இன் விதிகள் விட்ட இடத்தை அவற்றுக்கு 90 ஆண்டுகளுக்கு முந்தைய சட்டம் ஒன்று நிரப்புகிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, இணையத்தில் நடக்கும் விற்பனையும் விற்பனைதான். அதன் 15ஆவது பிரிவு, விவரணையைச் சொல்லி விற்ற பொருள் அந்த விவரணையோடு பொருந்த வேண்டும் என்கிறது. இணையத்தில் எல்லாமே விவரணை சொல்லி விற்பதுதான், யாரும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. 41ஆவது பிரிவு, முன்பு பார்க்காத பொருளைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்கியவர் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்கிறது. டெலிவரி ஆளிடம் ஓடிபி சொன்னதாலோ கையெழுத்துப் போட்டதாலோ பொருளை ஏற்றுக்கொண்டதாகிவிடாது என்பதற்கு இதுவே அடிப்படை.

நமக்கு மிக வேண்டியது 43ஆவது பிரிவு. மறுக்க உரிமையுள்ள ஒருவர் தம்மிடம் வந்து சேர்ந்த பொருளை ஏற்க மறுத்தால், அதை விற்றவருக்குத் திருப்பி அனுப்ப அவர் கடமைப்பட்டவர் அல்ல. மறுக்கிறேன் என்று தெரிவித்தாலே போதும். இதைப் படித்தபோது எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. “நீங்களே அனுப்புங்கள்” என்று விற்பனையாளர் சொல்வதைக் கட்டளையாக எண்ணிக் கூரியர் கடைக்கு ஓடுகிறோம். சட்டத்தின் பார்வையில் அது ஒரு வேண்டுகோள். பெட்டி விற்றவருடையது, எடுத்துப் போகும் வேலையும் அவருடையது. நாம் செய்ய வேண்டியது தெரிவிப்பதும், அதுவரை பத்திரமாக வைத்திருப்பதும்.

இந்தப் பிரிவுக்கு இரண்டு எல்லைகள் உண்டு. முதலாவது, “வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால்” என்ற சொற்களோடுதான் அது தொடங்குகிறது. வாங்கும்போது நாம் டிக் செய்த நிபந்தனைகளில் திருப்பி அனுப்புவது வாங்குபவர் பொறுப்பு என்றிருந்தால் விற்பவர் அதைக் காட்டுவார். அந்த நிபந்தனை வாங்கும் பக்கத்தில் தெளிவாக இருந்ததா, பத்துப் பக்கம் கீழே இன்னொரு இணைப்புக்குள் இருந்ததா என்பது அப்போது முக்கியமாகிறது. தெளிவாகக் காட்டவில்லை என்றால் 2020 விதிகளையே அவர் மீறியிருக்கிறார். தெளிவாகவே காட்டியிருந்தாலும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்ற கடமையை ஒரு நிபந்தனையால் பாதியாகக் குறைக்க முடியாது என்று வாதிட இடமிருக்கிறது. 512 ரூபாய் கட்டினால்தான் திரும்பப் பெறுவேன் என்பது மறுப்பின் இன்னொரு வடிவம். இது என் வாசிப்பு. நுகர்வோர் ஆணையத்தின் முன் எடுத்து வைக்கத் தகுந்த வாசிப்பு என்று நம்புகிறேன்.

இரண்டாவது எல்லை வாங்கியவரின் கையில் இருக்கிறது. 42ஆவது பிரிவின்படி, பொருள் இன்னும் விற்றவருடையது என்பதற்கு ஒவ்வாத எதையும் செய்தால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். நியாயமான காலத்துக்குள் மறுப்பைச் சொல்லாமல் வைத்திருந்தாலும் அப்படித்தான். “வந்தது வந்தாச்சு, ரெண்டு நாள் சாதம் வைப்போம்” என்று அந்த 3 லிட்டர் குக்கரை அடுப்பில் ஏற்றினால் மறுக்கும் உரிமை கரைந்துவிடுகிறது. அதன்பிறகு இழப்பீடு கேட்கலாமே தவிர, முழுப் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. பேரனுக்குப் பிடித்துவிட்டது என்று பொம்மையை விளையாடக் கொடுப்பதற்கும் இது பொருந்தும். மறுக்க நினைத்தால் பொருளைப் பயன்படுத்தக் கூடாது, மறுப்பை அன்றோ மறுநாளோ எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

சரி, 43ஆவது பிரிவு தெரியாமல் கூரியர் கட்டிவிட்டோம். அல்லது பணம் சீக்கிரம் வரட்டும் என்று தெரிந்தே கட்டினோம். அந்தத் தொகையைத் திருப்பிக் கேட்க வழி என்ன? 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 73ஆவது பிரிவு. ஒப்பந்தத்தை மீறியவர், அந்த மீறலால் இயல்பாக நேரும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும். 5 லிட்டருக்குப் பதில் 3 லிட்டரை அனுப்பினால் அது திரும்பிப் போக வேண்டியிருக்கும், அதற்குச் செலவாகும் என்பதைவிட இயல்பான நட்டம் இருக்க முடியாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, விலையைத் திருப்பித் தரவும், எதிராளியின் கவனக்குறைவால் நேர்ந்த நட்டத்துக்கு இழப்பீடு தரவும், வழக்குச் செலவு தரவும் உத்தரவிடும் அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்குக் கொடுக்கிறது. ஆகவே மனுவில் மூன்று தொகைகளையும் தனித்தனி வரிகளாகக் கேட்க வேண்டும்: பொருள் விலை, முதல் டெலிவரிக் கட்டணம், திருப்பி அனுப்பிய செலவு. முதல் டெலிவரிக் கட்டணத்தைக் கேட்பதற்கும் அடிப்படை இருக்கிறது. டெலிவரி, தபால், கையாளும் கட்டணம் எல்லாம் சேர்ந்த மொத்த விலையை ஒரே எண்ணாகக் காட்ட வேண்டும் என்று 2020 விதிகளே சொல்கின்றன. நாம் கொடுத்த பணம் என்பது அந்த மொத்தம்தான்.

73ஆவது பிரிவு வாங்கியவருக்கும் ஒரு கடமையைக் காட்டுகிறது. நட்டத்தைக் குறைக்க அவரிடம் என்ன வழி இருந்தது என்பதும் கணக்கில் வரும். பக்கத்தில் 300 ரூபாய்க்கு அனுப்ப வழி இருக்கும்போது 900 ரூபாய்க்கு அவசரக் கூரியரில் அனுப்பிவிட்டு முழுதும் கேட்டால் கிடைக்காது. திருச்சிக்காரருக்கு எளிய வழி, தலைமை அஞ்சலகத்திலோ ஸ்ரீரங்கம் அஞ்சலகத்திலோ ஒரு கட்டணம், இரண்டு கூரியர் கடைகளில் ஒவ்வொரு கட்டணம் கேட்டுக் குறித்துக்கொள்வது. ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். நியாயமான வழியைத் தேர்ந்தோம் என்று காட்ட அது பின்னால் கைகொடுக்கும்.

வெளிநாடுகளில் இதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தால் நம் விதியில் விடுபட்ட வரி எவ்வளவு சிறியது என்று தெரியும். பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, மறுக்கப்பட்ட பொருளைத் திருப்பும் நியாயமான செலவை விற்றவரே ஏற்க வேண்டும் என்கிறது, பொருளைத் திருப்பும் கடமை வாங்கியவருக்கு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஒரே விலக்கு, வாங்கிய இடத்துக்கே வாங்கியவர் நேரில் எடுத்துச் செல்லும் செலவு. நம் ஒன்றாம் நம்பர் பஸ் கட்டணம்தான் அது! கடைவீதியின் வழக்கத்தையும் தூரத்து வணிகத்தின் தேவையையும் ஒரே வாக்கியத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு சரக்கு விற்பனை உத்தரவோ, பழுதைச் சரிசெய்வதும் மாற்றித் தருவதும் கட்டணமின்றி நடக்க வேண்டும் என்று சொல்லி, கட்டணம் என்பதில் தபால் செலவும் வண்டிக் கூலியும் அடங்கும் என்று விளக்கமும் தருகிறது. நம் 6, 7ஆம் விதிகளிலும் இப்படி ஒரு வாக்கியம் சேர்க்கப்பட வேண்டும். தவறு விற்றவருடையது என்றால் திருப்பும் செலவும் விற்றவருடையது என்று எழுதிவிட்டால் அடையவளஞ்சான் வீதிக் குடும்பம் மூன்று சட்டங்களைத் தேடிப் படிக்க வேண்டியிருக்காது.

விற்பவர் பக்கமும் எளிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். உறையூர்க் கைத்தறிப் புடவையை வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மாம்பழ நிறம் கேட்டவருக்கு மஞ்சள் போய்விட்டது. ஒரு புடவையில் அவருக்கு நிற்பது சில நூறு ரூபாய் என்றால், போகக் கூரியர், வரக் கூரியர், மறுபடி போகக் கூரியர் என்று மூன்று நடைக்குக் கொடுத்தால் அந்த விற்பனையே நட்டம். அதனால்தான் சிறு விற்பனையாளர்கள் இந்தச் செலவைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். ஆனால் தவறான உறையில் தவறான புடவையை வைத்தது அவர் கை. அதைத் தடுக்கக் கூடிய இடத்தில் இருந்தவரும் அவர்தான், பெங்களூரில் இருந்து பணம் கட்டியவர் அல்ல. 2020 விதிகளில் தனிநபருக்கு விலக்கு உண்டு, ஆனால் எப்போதாவது தன் சொந்தப் பொருளை விற்பவருக்குத்தான் அது. தொடர்ந்து தொழிலாக விற்பவருக்கு, பெரிய கடையோ வீட்டு அறையோ, அந்த விலக்கு இல்லை.

தகராறில் மிகுதியும் வழுக்குவது சான்றில்தான். தவறான பொருளும் பழுதான பொருளும் இங்கே வேறு வேறு. தவறான பொருளைப் படமே காட்டிவிடும்: வெளி அட்டையில் உள்ள முகவரிச் சீட்டு, பில், உள்ளே இருக்கும் பொருளில் பொறித்திருக்கும் அளவு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வந்தால் வாதத்துக்கு இடமில்லை. அளவு பொறிக்காத பொருளென்றால் டேப்பை வைத்துப் படம் எடுக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தால்தான் புகாரை ஏற்போம் என்று சில விற்பனையாளர்கள் போடுகிறார்கள். எடுத்தால் நல்லது. ஆனால் அது இல்லாவிட்டால் உரிமை இல்லை என்று நுகர்வோர் சட்டமோ 2020 விதிகளோ சொல்லவில்லை. ஆணையம் உறுதிமொழிப் பத்திரத்தையும் ஆவணங்களையும் பார்த்து முடிவு செய்யும்.

பழுது அப்படியல்ல. குக்கரின் மூடி சரியாகப் பொருந்தவில்லை, ஆவி ஓரமாகக் கசிகிறது என்றால், “நீங்கள் கேஸ்கட்டைத் தவறாகப் போட்டிருப்பீர்கள்” என்று பதில் வரும். முதல் முறை தண்ணீர் மட்டும் ஊற்றிப் பார்த்தபோதே கசிந்ததை வீடியோவாக எடுத்து, அதோடு நிறுத்திவிட வேண்டும். சோதித்துப் பார்ப்பது 41ஆவது பிரிவு தரும் உரிமை, அதைத் தாண்டிச் சமைத்துக்கொண்டே இருப்பது 42ஆவது பிரிவின் பொறி. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பாமல் பழுதைத் தீர்மானிக்க முடியாது என்றால் மாதிரியை முத்திரையிட்டு அனுப்பும் நடைமுறை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவில் இருக்கிறது. குக்கரில் கசிவு வெறும் பழுது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஐஎஸ்ஐ தரக் கட்டாயத்தை மீறிய பிரஷர் குக்கர்கள் அமேசானில் 2,265, பிளிப்கார்ட்டில் 598 விற்கப்பட்டதாகக் கண்டு, அவற்றைத் திரும்பப் பெற்று வாங்கியவர்களுக்கு விலையைத் தரச் சொல்லி உத்தரவிட்டது, தலா 1 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. இரு நிறுவனங்களும் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. பழுதான பொருளை விற்றவரே திரும்பப் பெற வேண்டும் என்ற எண்ணம் ஆட்சியின் பார்வையிலும் இருக்கிறது என்பதற்கு அந்த உத்தரவு அடையாளம்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன எழுத வேண்டும்? அனுப்பிவிட்டுப் பணம் கேட்பதைவிட, பணத்தைப் பேசிவிட்டு அனுப்புவது நல்லது. பெட்டி கையில் இருக்கும்வரை விற்பவருக்கும் அக்கறை இருக்கும். பெட்டி போய்விட்டால் நமக்கு மட்டும்தான் அக்கறை. தளத்தின் புகார்ப் பகுதியிலும், அதே நாளில் விற்பனையாளரின் மின்னஞ்சலிலும் இப்படி எழுதலாம்:

“ஐயா, 5 லிட்டர் குக்கருக்கு 2,400 ரூபாய் கட்டினேன். இன்று வந்தது 3 லிட்டர் குக்கர். படங்கள் இணைத்துள்ளேன். இது நான் கேட்ட பொருள் அல்ல என்பதால் ஏற்க மறுக்கிறேன். பயன்படுத்தாமல் அதே பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். 7 நாட்களுக்குள் உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும். நானே அனுப்ப வேண்டுமென்றால், கட்டணம் கட்டிய சீட்டை அனுப்பவும், அல்லது கூரியர் செலவு 512 ரூபாயை முழுதும் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளவும். பெட்டியின் அளவும் கூரியர் கடை சொன்ன கட்டணமும் இணைப்பில் உள்ளன. கட்டிய 2,400 ரூபாய் முழுதும் திரும்ப வேண்டும்.”

அளவையும் கட்டணத்தையும் முன்கூட்டியே இணைப்பதில் ஒரு பயன் உண்டு. “இவ்வளவு ஆகும் என்று எங்களுக்குத் தெரியாது” என்ற பதிலுக்கு அது இடம் வைக்காது. பல விற்பனையாளர்கள் 512 ரூபாயைப் பார்த்ததும் தங்கள் கூரியர் ஒப்பந்தத்தில் அதைவிடக் குறைவாக எடுக்க ஆள் அனுப்பிவிடுகிறார்கள். மலிவான பொருளென்றால் “வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பணத்தைத் தந்துவிடுவதும் உண்டு. அனுப்பினால் ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். எடை, கன்சைன்மென்ட் எண், தேதி மூன்றும் அதில் தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். கையால் கிறுக்கிய துண்டுச் சீட்டைச் சான்றாக வைத்துக்கொண்டு நிற்பது கடினம்.

பதில் வராவிட்டால் குறைதீர் அலுவலர். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் அவர் பெயரையும் தொடர்பையும் காட்ட வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விற்றவர் யார் என்றே தெரியவில்லை என்றால், வாங்கியவர் எழுத்தில் கேட்கும்போது விற்பனையாளரின் முகவரி விவரங்களைத் தளம் தந்தாக வேண்டும் என்று 5ஆம் விதி சொல்கிறது. வழக்கில் எதிராளியின் முகவரி இல்லாமல் தடுமாறுபவர்கள் இதைக் கேட்காமல் விட்டவர்களே. அடுத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். அவர்கள் உத்தரவு போட மாட்டார்கள், நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் வாங்குவார்கள். 512 ரூபாய் அளவுள்ள தகராறுகள் முடிவதற்கு ஏற்ற இடம் இது என்பது என் கருத்து.

அதிலும் முடியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிராளி இருக்கும் இடத்திலோ வழக்கு எழுந்த இடத்திலோதான் மனு போட முடியும், சூரத் விற்பனையாளர் அதை வைத்தே வாதாடுவார். புதிய சட்டத்தின் 34ஆவது பிரிவு, மனுதாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே மனு போடலாம் என்றது. தூரத்தை விற்றவர் பக்கம் தள்ளிய பெரிய மாற்றம் இதுதான். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், வீடியோ வழியாக விசாரிக்கக் கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். எதிராளி பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் நீட்ட முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்த்துச் சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் நோக்கம். நடைமுறையில் அதைவிட நீள்வது வழக்கம், அதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். உத்தரவைப் பின்பற்றாதவருக்கு 72ஆவது பிரிவின்படி ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ உண்டு.

மனுவில் விற்பனையாளர், தளம் இரண்டையும் எதிராளியாகச் சேர்ப்பது நல்லது. யார் பொறுப்பு என்று அவர்கள் ஒருவரையொருவர் காட்டுவதை ஆணையமே பார்த்துக்கொள்ளும். கேட்கும் தொகைகளில் 2,400, 512 என்ற இரண்டும் ரசீதோடு நிற்பவை. மன உளைச்சலுக்கு 50,000 என்று எழுதுவதைவிட, எத்தனை கடிதம் எழுதினோம், எத்தனை நாள் பதில் இல்லை, அந்தப் பெட்டி வீட்டுக் கூடத்தில் எத்தனை வாரம் கிடந்தது என்று தேதிகளோடு ஒரு பக்கம் எழுதி இணைத்தால், அந்தத் தலைப்பில் எவ்வளவு தருவது என்பதை ஆணையமே முடிவு செய்யும்.